500 சதவீத டிவிடெண்ட் என்றால் கைக்கு எவ்வளவு வரும்?

ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முழுக்கப் பத்திரிகைகளின் வணிகப் பக்கத்தில் ‘500 சதவீத டிவிடெண்ட் அறிவிப்பு’ போன்ற தலைப்புகள் வரும். மதுரை கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர், பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்க உதவும் டீமேட் கணக்கைப் போன மாதம்தான் தொடங்கியவர், அதைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிறுவனத்தின் பங்கு 800 ரூபாய்க்கு விற்கிறது. 60 பங்கு வாங்கினால் 48,000 ரூபாய் ஆகும். 500 சதவீதம் என்றால் 2,40,000 ரூபாய் வருமா? வராது. அவர் வங்கிக் கணக்கில் வந்து சேருவது 600 ரூபாய்.

இந்த 600 எப்படி வந்தது, எந்தத் தேதியில் யாருக்குக் கிடைக்கும், அதற்காகவே பங்கை வாங்குவது சரியா என்று இந்த ஒரு கணக்கைக் கடைசிவரை பின்தொடர்ந்தால் போதும். புதிதாக வருபவர்கள் தடுமாறும் சந்தைச் சொற்களில் பாதி வழியிலேயே புரிந்துவிடும். நிறுவனமும் கடைக்காரரும் கற்பனை. விதிகள் உண்மை.

சதவீதம் எதன் மேல்?

டிவிடெண்ட் என்பது நிறுவனம் சம்பாதித்த லாபத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பணமாகப் பிரித்துக் கொடுப்பது. தமிழில் ஈவுத்தொகை, பங்காதாயம் என்று எழுதுகிறார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வங்கி வைப்புக்கான வட்டி மாதிரி முன்கூட்டியே பேசி வைத்த தொகையும் இல்லை. லாபம் வந்தும் கொடுக்காத நல்ல நிறுவனங்கள் உண்டு. அந்தப் பணத்தைப் புது ஆலைக்கோ கடனை அடைக்கவோ வைத்துக்கொள்வார்கள்.

அறிவிப்பில் வரும் சதவீதம் பங்கின் முகமதிப்பின் மேல் கணக்கிடப்படுவது. முகமதிப்பு என்பது நிறுவனத்தின் ஆவணங்களில் ஒரு பங்குக்கு எழுதிவைத்திருக்கும் தொகை. பெரும்பாலும் 10, 5, 2 அல்லது 1 ரூபாயாக இருக்கும். சந்தையில் பங்கு என்ன விலைக்கு விற்றாலும் அது மாறாது. ஒரு பங்கைப் பல பங்குகளாகப் பிரிக்கும்போதோ, பலவற்றை ஒன்றாகச் சேர்க்கும்போதோதான் மாறும். நம் கடைக்காரர் பார்த்த நிறுவனத்தின் முகமதிப்பு 2 ரூபாய். அதில் 500 சதவீதம் 10 ரூபாய். 60 பங்குக்கு 600 ரூபாய். இதே 500 சதவீதத்தை முகமதிப்பு 10 ரூபாய் உள்ள நிறுவனம் அறிவித்திருந்தால் பங்குக்கு 50 ரூபாய் கிடைத்திருக்கும். ஆகவே இரண்டு நிறுவனங்களின் சதவீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று பார்ப்பதில் பயனே இல்லை. தலைப்பில் சதவீதத்தைப் பார்த்ததும் முகமதிப்பைத் தேடுங்கள். தேசியப் பங்குச் சந்தையின் தளத்தில் நிறுவனத்தின் பக்கத்திலேயே `Face Value` என்று இருக்கும். அதைவிட எளிது, அங்கே `Corporate Actions` பகுதிக்குப் போவது. சதவீதக் குழப்பம் இல்லாமல் `Dividend - Rs 10 Per Share` என்று ரூபாயிலேயே போட்டிருப்பார்கள்.

அடுத்து, போட்ட பணத்துக்கு இது எவ்வளவு? 10 ரூபாயை 800-ஆல் வகுத்தால் 1.25 சதவீதம். இதற்குப் பெயர் டிவிடெண்ட் யீல்டு, அதாவது ஈவு விகிதம். இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் நிறுவனங்களை ஒப்பிடலாம். 500 சதவீதம் என்று தலைப்பு போட்ட பங்கில் உண்மையில் கிடைப்பது நூற்றுக்கு ஒன்றே கால்.

எந்த நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும்?

அறிவிப்பில் ரெக்கார்ட் தேதி என்று ஒன்று இருக்கும். அன்றைய நாள் முடிவில் யாருடைய டீமேட் கணக்கில் பங்கு இருக்கிறதோ அவருக்குத்தான் டிவிடெண்ட். இன்னொன்று எக்ஸ் தேதி. அன்றிலிருந்து வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் இல்லை. 2023 ஜனவரி 27 முதல் இந்தியச் சந்தையில் எல்லாப் பங்குகளுக்கும் வாங்கிய மறு வேலை நாளே பங்கு கணக்கில் ஏறும் முறை வந்துவிட்டதால், இப்போது பொதுவாக இரண்டு தேதிகளும் ஒரே நாளாக இருக்கின்றன. பழைய புத்தகங்களிலும் வீடியோக்களிலும் ‘ரெக்கார்ட் தேதிக்கு இரண்டு நாள் முன்’ என்று சொல்வது அந்தக் காலத்து முறை.

நம் நிறுவனம் வெள்ளிக்கிழமையை ரெக்கார்ட் தேதியாக வைத்திருக்கிறது என்று கொள்வோம். வியாழக்கிழமை பிற்பகல் 3.30-க்குள் வாங்கினால் வெள்ளிக்கிழமை பங்கு கணக்குக்கு வந்துவிடும், டிவிடெண்ட் உண்டு. வெள்ளிக்கிழமை காலை 9.15-க்கு வாங்கினாலும் பங்கு திங்கட்கிழமைதான் ஏறும், டிவிடெண்ட் இல்லை. விற்பவருக்கு இதே விதி மறுபக்கமாக வேலை செய்கிறது. ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர் வெள்ளிக்கிழமை விற்றாலும் டிவிடெண்ட் அவருக்குத்தான் வரும். பணம் கைக்கு வரும்வரை விற்காமல் காத்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை.

விடுமுறைக் கணக்கில் மதுரைக்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பங்குச் சந்தைகள் மும்பையில் இருக்கின்றன. அவற்றின் விடுமுறைப் பட்டியல் வேறு, நம் ஊர் விடுமுறை வேறு. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விட்டாலும் சந்தை நடக்கும். மாட்டுப் பொங்கலுக்கும் அப்படித்தான், சந்தைப் பட்டியலில் அதற்கென்று விடுமுறை இல்லை. ஆகவே எக்ஸ் தேதிக்கு முந்தைய வேலை நாள் எது என்பதைச் சந்தையின் பட்டியலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். காலண்டரைப் பார்த்து எண்ணக் கூடாது.

டிவிடெண்டில் இரண்டு வகை உண்டு என்பதும் தேதியோடு சேர்ந்த விஷயம். இடைக்கால டிவிடெண்டை இயக்குநர் குழுவே ஆண்டின் நடுவில் அறிவித்துவிடலாம். இறுதி டிவிடெண்டை இயக்குநர் குழு பரிந்துரைக்கத்தான் முடியும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் ஒப்புதல் கொடுத்த பிறகே அது உறுதியாகும். இரண்டிலும் அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். மே மாதம் பத்திரிகையில் படித்த இறுதி டிவிடெண்ட் ஆகஸ்ட்டில் வந்து சேர்ந்தால் தாமதம் என்று நினைக்க வேண்டாம். 30 நாள் எண்ணிக்கை பொதுக்கூட்டம் நடந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

வியாழன் வாங்கித் திங்கள் விற்றால் 600 ரூபாய் லாபமா?

தேதி விதி தெரிந்தவுடன் எல்லோருக்கும் தோன்றும் யோசனை இது. இந்த வழியில் பணம் இழக்க நேரலாம் என்பதால் முழுக் கணக்கையும் போட்டுவிடுவோம்.

சோழவந்தான் பக்கம் காய் வெட்டாத தென்னந்தோப்புக்குப் பேசும் விலை ஒன்று, காய் வெட்டி இறக்கிய மறுநாள் பேசும் விலை இன்னொன்று. பங்கும் அப்படித்தான். எக்ஸ் தேதியன்று நிறுவனத்தின் கையிலிருந்து பங்குக்கு 10 ரூபாய் வெளியே போவது உறுதியாகிவிடுகிறது. அந்த 10 ரூபாய் கிடைக்காத புதிய ஆள் பழைய விலையைக் கொடுக்க மாட்டார். வேறு எந்தச் செய்தியும் இல்லையென்றால் 800 ரூபாய்ப் பங்கு வெள்ளிக்கிழமை 790-ஐ ஒட்டித் தொடங்கும். யாரும் குறைக்கச் சொல்லிக் குறைவதில்லை. வாங்குபவரும் விற்பவரும் கேட்கும் விலையே இறங்கிவிடுகிறது. அன்றைய மற்ற ஏற்ற இறக்கத்தில் இந்த 10 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்.

கடைக்காரர் வியாழன் 60 பங்கை 48,000-க்கு வாங்குகிறார். திங்கட்கிழமை 790 ரூபாயில் விற்றால் 47,400. இழப்பு 600, டிவிடெண்ட் 600. இதுவரை சமம். இனிமேல்தான் செலவு. பங்குப் பரிவர்த்தனை வரி வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம், இரண்டும் சேர்ந்து சுமார் 95 ரூபாய். வாங்கும்போது முத்திரைக் கட்டணம் 7 ரூபாய். டிவிடெண்ட் அவருடைய மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். அவர் 20 சதவீத வரி அடுக்கில் இருந்தால் செஸ்ஸோடு சேர்த்து 600-க்கு 125 ரூபாய். ஆக 227 ரூபாய் போயிற்று. டீமேட்டிலிருந்து பங்கு வெளியே போகும்போது பிடிக்கும் கட்டணம் இதற்கு மேல்.

விற்றதில் வந்த 600 ரூபாய் நஷ்டத்தை டிவிடெண்ட் வருமானத்தோடு கழித்துக்கொள்ளலாமே என்றால் அதுவும் முடியாது. அது மூலதன நஷ்டம். வேறு பங்கோ சொத்தோ விற்று வந்த மூலதன ஆதாயத்தோடுதான் கழிக்க முடியும். டிவிடெண்ட் ‘பிற வருமானம்’ என்ற தலைப்பில் வருவது. இரண்டும் கலக்காது. டிவிடெண்டுக்காக மட்டும், தேதி பார்த்து, நாலு நாளுக்குப் பங்கு வாங்காதீர்கள் என்று நாங்கள் உறுதியாகச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

வரியில் இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல், ஒரே நிறுவனத்திடமிருந்து ஒரு நிதியாண்டில் 10,000 ரூபாய்க்கு மேல் டிவிடெண்ட் வந்தால்தான் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். நம் 600 ரூபாய் பிடித்தம் இல்லாமல் முழுதாக வரும். பிடிக்கவில்லை என்பதால் வரியே இல்லை என்று ஆகாது. வருமான வரித் தளத்தில் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையில் அந்த 600 பதிவாகிவிடும். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

காளை வந்தால் விகிதம் குறையும்

விலைகள் பரவலாகவும் நீண்ட காலத்துக்கும் ஏறிக்கொண்டே போவதைக் காளைச் சந்தை, புல் மார்க்கெட் என்கிறார்கள். அதேபோல் இறங்கிக்கொண்டே போவது கரடிச் சந்தை. தாழ்ந்த நிலையிலிருந்து 20 சதவீதம் ஏறினால் காளை, உச்சத்திலிருந்து 20 சதவீதம் விழுந்தால் கரடி என்பது வழக்கத்தில் உள்ள அளவுகோல், சட்டம் இல்லை. உங்கள் ஒரு பங்கு மட்டும் ஏறுவதற்குக் காளைச் சந்தை என்று பெயரில்லை. நிஃப்டி என்பது 50 பெரிய நிறுவனங்களை வைத்துப் போடும் குறியீடு, சென்செக்ஸ் 30 நிறுவனங்களை வைத்து. சந்தையின் போக்கை இவற்றை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

2020 ஜனவரியில் நிஃப்டி 12,400-ஐத் தாண்டியிருந்தது. கொரோனா ஊரடங்கு தொடங்கிய மார்ச் கடைசி வாரத்தில் 7,500-ஐ ஒட்டி இறங்கியது. இரண்டே மாதத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் சரிவு. அங்கிருந்து திரும்பி 2021 அக்டோபரில் 18,600 வரை போனது. இப்படிப்பட்ட இரண்டு காலத்திலும் நம் நிறுவனம் அதே 10 ரூபாயைக் கொடுத்துக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரடியில் பங்கு 500-க்கு விழுந்தால் யீல்டு 2 சதவீதம். காளையில் 1,200-க்குப் போனால் 0.83 சதவீதம். நிறுவனம் தரும் பணம் ஒரு காசு கூட மாறவில்லை, வாங்குபவர் கொடுத்த விலைதான் மாறியது. காளைச் சந்தையின் உச்சத்தில் ‘டிவிடெண்டுக்காக வாங்குகிறேன்’ என்பவர் குறைந்த வருமானத்துக்கு அதிக விலை கொடுக்கிறார்.

மறுபக்கத்தில் இதைவிடப் பெரிய பொறி இருக்கிறது. செயலியில் யீல்டு அதிகமாக உள்ள பங்குகள் என்று வடிகட்டிப் பார்த்தால் 8, 10 சதவீதம் என்று சில பெயர்கள் மேலே வந்து நிற்கும். அந்த எண்ணில் மேலே இருப்பது கடந்த 12 மாதத்தில் கொடுத்த டிவிடெண்ட், கீழே இருப்பது இன்றைய விலை. நம் நிறுவனத்துக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார், லாபம் சரிகிறது, பங்கு 800-லிருந்து 200-க்கு வந்துவிட்டது என்றால் திரை காட்டுவது 10-ஐ 200-ஆல் வகுத்து 5 சதவீதம். அடுத்த ஆண்டு 2 ரூபாய்தான் கொடுப்பார்கள் என்பது திரைக்குத் தெரியாது. நிலத்தையோ ஒரு பிரிவையோ விற்ற பணத்தை ஒரே ஒருமுறை சிறப்பு டிவிடெண்டாகக் கொடுத்திருந்தாலும் இதே மாதிரி எண் வீங்கித் தெரியும்.

கண்டுபிடிக்க இரண்டு பார்வை போதும். ஐந்து ஆண்டு டிவிடெண்டை ரூபாயில் வரிசையாக எழுதுங்கள். நடுவில் பங்கைப் பிரித்திருந்தாலோ போனஸ் பங்கு கொடுத்திருந்தாலோ அதற்கேற்பச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஓர் ஆண்டு மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அது சிறப்பு டிவிடெண்டா என்று அறிவிப்பைப் படியுங்கள். பிறகு ஒரு பங்குக்கான லாபத்தோடு ஒப்பிடுங்கள். இதை `EPS` என்று போட்டிருப்பார்கள். நம் நிறுவனத்தில் அது 40 ரூபாய். அதில் 10 ரூபாய், அதாவது கால் பங்கைக் கொடுக்கிறார்கள். லாபம் கொஞ்சம் குறைந்தாலும் தொடர்ந்து கொடுக்க இடம் இருக்கிறது. 12 ரூபாய் சம்பாதித்து 10 ரூபாய் கொடுக்கும் நிறுவனத்தில் அந்த இடம் கிடையாது. சம்பாதித்ததைவிட அதிகமாகக் கொடுத்தால் பழைய சேமிப்பிலிருந்து எடுக்கிறார்கள் என்று பொருள்.

போர்ட்ஃபோலியோ திரை காட்டாதது

நீங்கள் வைத்திருக்கும் பங்குகள், ஃபண்டுகள் எல்லாவற்றின் தொகுப்பே போர்ட்ஃபோலியோ. எக்ஸ் தேதியன்று கடைக்காரர் தன் செயலியைத் திறந்தால் சராசரி விலை 800, இன்றைய விலை 790, 600 ரூபாய் நஷ்டம் என்று சிவப்பில் காட்டும். பல செயலிகள் டிவிடெண்டை இந்த லாப நஷ்டக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைப் பார்த்துப் பயந்து விற்காமல் இருக்க, டிவிடெண்டுக்கு என்று தனியாக ஒரு நோட்டோ எக்செல் தாளோ வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம், பங்கு எண்ணிக்கை, எக்ஸ் தேதி, வர வேண்டிய தொகை, வந்த தேதி என்ற ஐந்து பத்தி போதும்.

கடைக்காரரிடம் இப்போது மூன்று நிறுவனங்களின் பங்குகள் இருக்கின்றன என்போம். முதலாவதில் 48,000 ரூபாய், ஆண்டுக்கு 600 டிவிடெண்ட். இரண்டாவதில் 60,000, வருவது 300. மூன்றாவதில் 42,000, வருவது 1,260. மொத்தம் 1,50,000-க்கு 2,160 ரூபாய், அதாவது 1.44 சதவீதம். மூன்றாவது நிறுவனம் பரவாயில்லையே என்று எல்லாப் பணத்தையும் அங்கே மாற்றத் தோன்றும். மாற்றுவதற்கு முன் அந்த 1,260-ஐ லாபத்தோடு ஒப்பிடும் சோதனையைச் செய்யுங்கள். டிவிடெண்டில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்திலிருந்து வருகிறது என்பதையும் அந்த நோட்டுதான் காட்டும்.

பங்குகளைப் பிரித்து வைப்பது பற்றி ஒன்று மட்டும். பெயர் வேறு வேறாக இருந்தால் போதாது, தொழில் வேறாக இருக்க வேண்டும். மதுரை, ராஜபாளையம், திண்டுக்கல் வட்டாரத்தில் பல குடும்பங்களின் சம்பளமே நூற்பாலையை நம்பி இருக்கிறது. தெரிந்த தொழில் என்று அவர்கள் நான்கு நூற்பாலைப் பங்குகளை வாங்கினால், பஞ்சு விலை ஏறும் ஆண்டில் சம்பளம், போனஸ், டிவிடெண்ட், பங்கு விலை நான்கும் ஒரே நேரத்தில் அடிவாங்கும்.

பணம் வரவில்லை என்றால்

டிவிடெண்ட் தரகர் கணக்குக்கு வராது. டீமேட்டோடு இணைத்த வங்கிக் கணக்குக்கு நேராகப் போகும். பாஸ்புக்கில் பெரும்பாலும் `ACH` என்ற எழுத்தோடு நிறுவனத்தின் சுருக்கப் பெயர் இருக்கும். வராமல் போவதற்கு வழக்கமான காரணம் வங்கி விவரம் பழையதாக இருப்பது. கணக்கை மூடியிருப்பார்கள், அல்லது 2020-இல் வங்கிகள் இணைந்தபோது மாறிய ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணை டீமேட்டில் திருத்தாமல் விட்டிருப்பார்கள். முதலில் தரகரிடம் வங்கி விவரத்தைத் திருத்துங்கள். பிறகு நிறுவனத்தின் பங்குப் பதிவாளருக்கு டீமேட் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பதிவாளர் யார் என்பது நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இருக்கும். திரும்பிப் போன தொகையை மறுபடி அனுப்பச் சொல்லலாம்.

வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்து மில் பங்குப் பத்திரம் இருந்தாலும் இதே பதிவாளரைத்தான் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு காகிதப் பத்திரத்தை அப்படியே இன்னொருவருக்கு விற்று மாற்ற முடியாது. டீமேட்டுக்கு மாற்ற வேண்டும். பான், வங்கி விவரம் சேர்க்காத காகிதப் பங்குகளுக்கு டிவிடெண்டை நிறுத்தி வைக்கிறார்கள்.

கேட்காமல் விட்ட டிவிடெண்ட் ஏழு ஆண்டு நிறுவனத்தின் தனிக் கணக்கில் இருக்கும். அதன் பிறகு மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். தொடர்ந்து ஏழு ஆண்டும் டிவிடெண்ட் வாங்கப்படவில்லை என்றால் பங்குகளும் சேர்ந்தே போகும். அங்கிருந்தும் மீட்கலாம். பதிவாளரிடம் உரிமைச் சான்றுக் கடிதம் வாங்கி, `IEPF-5` படிவத்தை இணையத்தில் நிரப்பி, ஆவணங்களை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசு ஆவணமும் வேண்டும். இதற்குப் பல மாதம் ஆகும். ஏழு ஆண்டு முடிவதற்குள் பதிவாளருக்கு எழுதினால் வேலை மிகவும் எளிது.